சைக்ளோஹெக்சேனின் நாற்காலி வச அமைப்பும் பதிலித் தொகுதிகளின் திரிபும்

வினா: சைக்ளோஹெக்சேனின் நாற்காலி வச அமைப்பை விளக்குக. மெத்தில்சைக்ளோஹெக்சேனில் மெத்தில் தொகுதி ஆக்சியல் நிலையைவிட ஈக்வடோரியல் நிலையை விரும்புவது ஏன்? உமது விடையைக் கொண்டு சிஸ்-1-டெர்ஷியரி பியூட்டைல்-4-மெத்தில்சைக்ளோஹெக்சேனின் நிலையான அமைப்பைக் காண்க. (10 மதிப்பெண்)

விடை:

சைக்ளோஹெக்சேன் வளையம் தட்டையான அறுகோணமாக இருக்குமானால், அதன் C–C–C பிணைப்புக் கோணம் 120° ஆக விரிந்து நான்முகிக் கோணமாகிய 109.5°-இலிருந்து விலகும், அதைவிட முக்கியமாக, அடுத்தடுத்த கார்பன்களிலுள்ள C–H பிணைப்புகள் அனைத்தும் ஒன்றையொன்று மறைத்து நிற்கும். 1885-இல் பேயர் வளையங்களைத் தட்டையானவை என்று கொண்டே தம் திரிபுக் கொள்கையை வகுத்தார். வளையம் மடிந்தால் கோணத் திரிபு நீங்கும் என்று 1890-இல் சாக்சே காட்டினாலும், அக்கருத்து நெடுங்காலம் ஏற்கப்படவில்லை. பின்னர் ஹாசெல் எலக்ட்ரான் விளிம்பு விளைவு ஆய்வுகளால் நாற்காலி வடிவத்தை உறுதிசெய்தார். வச அமைப்புக்கும் வினைத்திறனுக்கும் உள்ள தொடர்பை 1950-இல் பார்ட்டன் விளக்கினார். இருவரும் 1969-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

நாற்காலி வடிவில் C1, C3, C5 ஆகியவை ஒரு தளத்திலும் C2, C4, C6 ஆகியவை அதற்கு இணையாகச் சற்றுக் கீழுள்ள மற்றொரு தளத்திலும் அமைகின்றன. பிணைப்புக் கோணம் ஏறத்தாழ 111° ஆகையால் கோணத் திரிபு இல்லை எனலாம்; எந்த ஒரு C–C பிணைப்பின் வழியே நோக்கினாலும் பிணைப்புகள் மறையாமல் விலகியே நிற்பதால் முறுக்குத் திரிபும் மிகக் குறைவு. படகு வடிவில் கோணத் திரிபு இல்லையெனினும், படகின் அடித்தளத்திலுள்ள நான்கு கார்பன்களின் C–H பிணைப்புகள் மறைத்த நிலையிலிருப்பதோடு, முனைகளில் நிற்கும் இரு கொடிமர ஹைட்ரஜன்களும் ஒன்றையொன்று நெருங்கி விலக்குகின்றன. எனவே படகு சற்றே முறுக்கிக்கொண்ட வடிவமாகிய முறுக்குப் படகுகூட நாற்காலியைவிட ஏறத்தாழ 23 கிலோஜூல்/மோல் உயர்ந்த ஆற்றலிலும், படகு அதற்கும் மேலேயும் உள்ளன. அறை வெப்பநிலையில் ஏறக்குறைய எல்லா மூலக்கூறுகளும் நாற்காலி வடிவிலேயே இருக்கின்றன.

நாற்காலியிலுள்ள பன்னிரண்டு C–H பிணைப்புகளும் இரு வகைப்படும். வளையத்தின் ஊடே செங்குத்தாகச் செல்லும் அச்சுக்கு இணையாக நிற்பவை ஆக்சியல் பிணைப்புகள். இவை C1, C3, C5-இல் மேல்நோக்கியும் C2, C4, C6-இல் கீழ்நோக்கியும் உள்ளன. வளையத்தின் சுற்றளவை ஒட்டி வெளிப்புறமாகச் சற்றே சரிந்து செல்பவை ஈக்வடோரியல் பிணைப்புகள். ஒவ்வொரு கார்பனிலும் இவ்விரண்டில் ஒவ்வொன்று உண்டு. படம் வரையும்போது ஒவ்வொரு ஈக்வடோரியல் பிணைப்பையும் ஒரு பிணைப்பு தள்ளியுள்ள வளையப் பிணைப்புக்கு இணையாக வரைய வேண்டும். இந்த இணைத்தன்மை தவறினால் அடுத்து வரும் வாதமே படத்தில் தெரியாமல் போகும்.

ஒரு நாற்காலி அரைநாற்காலி, முறுக்குப் படகு ஆகியவற்றின் வழியே மற்றொரு நாற்காலியாகப் புரளும்போது, ஒவ்வொரு ஆக்சியல் பிணைப்பும் ஈக்வடோரியலாகவும் ஒவ்வொரு ஈக்வடோரியல் பிணைப்பும் ஆக்சியலாகவும் மாறுகின்றன. ஆனால் மேல்நோக்கியிருந்த தொகுதி மேல்நோக்கியே இருக்கும். ஆகையால் சிஸ், ட்ரான்ஸ் தொடர்பு இப்புரளலால் மாறுவதில்லை. இதற்கான ஆற்றல் தடை சுமார் 45 கிலோஜூல்/மோல் மட்டுமே என்பதால், அறை வெப்பநிலையில் வளையம் ஒரு நொடிக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை புரள்கிறது. அதனால்தான் சைக்ளோஹெக்சேனின் புரோட்டான் என்.எம்.ஆர். நிறமாலையில் அறை வெப்பநிலையில் ஒரே ஒரு குறிகை மட்டும் தோன்றுகிறது.

பதிலியற்ற சைக்ளோஹெக்சேனில் புரளலுக்கு முன்னும் பின்னும் உள்ள இரு நாற்காலிகளும் சம ஆற்றலுடையவை. ஒரு மெத்தில் தொகுதி இணைந்தவுடன் இச்சமநிலை குலைகிறது. C1-இல் மெத்தில் தொகுதி ஆக்சியலாக மேல்நோக்கி நின்றால், அதே பக்கத்தில் மேல்நோக்கி நிற்கும் C3, C5 ஆகியவற்றின் ஆக்சியல் ஹைட்ரஜன்களை அது நெருங்குகிறது. மெத்தில் தொகுதிக்கும் இவ்விரு ஹைட்ரஜன்களுக்கும் இடையிலான தொலைவு, அவற்றின் வாண்டர் வால்ஸ் ஆரங்கள் அனுமதிப்பதைவிடக் குறைவாக இருப்பதால் எலக்ட்ரான் முகில்கள் விலக்கிக்கொள்கின்றன. இதுவே 1,3-இருஆக்சியல் இடைவினை எனப்படும் கொள்ளிடத் திரிபு.

இத்திரிபின் அளவு எங்கிருந்து வருகிறது என்பதை நியூமன் வீழல் தெளிவாக்கும். C1–C2 பிணைப்பின் வழியே நோக்கினால், ஆக்சியல் மெத்தில் தொகுதியும் வளையத்தின் C3 கார்பனும் 60° இடைவெளியில், அதாவது பியூட்டேனின் காஷ் அமைப்பில் நிற்பதைக் காணலாம். C1–C6 பிணைப்பின் வழியே நோக்கினால் அதே தொகுதி C5-உடனும் காஷ் நிலையில் நிற்கிறது. பியூட்டேனில் ஒரு காஷ் இடைவினையின் விலை ஏறத்தாழ 3.8 கிலோஜூல்/மோல்; இரண்டு சேர்ந்தால் 7.6 கிலோஜூல்/மோல். இது சோதனையில் கிடைக்கும் ஏறத்தாழ 7.3 என்னும் மதிப்புக்கு மிக அருகில் உள்ளது. மெத்தில் தொகுதி ஈக்வடோரியலாக இருக்கும்போது, C3, C5 இரண்டுக்கும் அது 180° எதிர்நிலையில் வளையத்திலிருந்து விலகி நிற்பதால் இத்திரிபு எழுவதேயில்லை. ஈக்வடோரியல் நிலைக்குத் தனியாக ஒரு கவர்ச்சி இருப்பதாக எழுதுவது பிழை. ஆக்சியல் நிலையில் உள்ள இரு காஷ் இடைவினைகள் அங்கே இல்லை என்பதே உண்மையான காரணம்.

ΔG° = −RT ln K என்னும் சமன்பாட்டில் 298 K-இல் ΔG° = −7.3 கிலோஜூல்/மோல் எனக் கொண்டால், K ≈ 19 எனக் கிடைக்கிறது. அதாவது 95 விழுக்காடு மூலக்கூறுகளில் மெத்தில் தொகுதி ஈக்வடோரியலாகவும், 5 விழுக்காட்டில் ஆக்சியலாகவும் உள்ளது.

வெவ்வேறு தொகுதிகளுக்கான இந்த ஆற்றல் வேறுபாட்டை A-மதிப்பு என்கிறோம். தொகுதியின் பருமன் கூடினால் A-மதிப்பும் அப்படியே கூடும் என்று கருதிவிடக் கூடாது. எத்தில் தொகுதி மெத்திலைவிடப் பெரியதாயினும், தன் CH3 முனையை வளையத்திற்கு வெளிப்புறமாகத் திருப்பி, ஹைட்ரஜன் ஒன்றை மட்டும் உட்புறம் நோக்க வைக்க முடிவதால், அதன் மதிப்பு மெத்திலின் மதிப்பை ஒட்டியே உள்ளது. புரோமின் பெரிய அணு. ஆனால் C–Br பிணைப்பு நீளமானது என்பதால் அது எதிரேயுள்ள ஹைட்ரஜன்களிலிருந்து தள்ளி நிற்கிறது, மதிப்பும் மெத்திலைவிடக் குறைவு. டெர்ஷியரி பியூட்டைல் தொகுதிக்கு இத்தகைய வழி எதுவும் இல்லை: எப்படித் திரும்பினாலும் ஒரு மெத்தில் வளையத்தின் உட்புறம் நோக்கியே தீரும். அதன் மதிப்பு 20 கிலோஜூல்/மோலுக்கும் அதிகம், ஆகவே 99.9 விழுக்காட்டுக்கும் மேல் அது ஈக்வடோரியலாகவே காணப்படுகிறது. இத்தொகுதி வளையத்தைப் பூட்டுகிறது என்று சொல்வதுண்டு. புரளல் நின்றுவிடுவதில்லை, சமநிலை மட்டுமே ஒருபுறமாக முற்றிலும் சாய்கிறது.

இனி, கேட்கப்பட்ட சேர்மத்தைக் காண்போம். 1,4-இருபதிலி வளையத்தில் C1-இன் ஆக்சியல் பிணைப்பு மேல்நோக்கினால் C4-இன் ஆக்சியல் பிணைப்பு கீழ்நோக்கும். ஆதலால் இரு தொகுதிகளும் ஒரே பக்கத்தில் அமைய வேண்டிய சிஸ் மாற்றியத்தில், எந்த நாற்காலியிலும் ஒன்று ஆக்சியலாகவும் மற்றது ஈக்வடோரியலாகவும் மட்டுமே இருக்க முடியும். டெர்ஷியரி பியூட்டைல் ஆக்சியலானால் திரிபு 20-க்கு மேல். மெத்தில் ஆக்சியலானால் 7.3 மட்டுமே. வேறுபாடு ஏறத்தாழ 13 கிலோஜூல்/மோல், K சுமார் 200. எனவே டெர்ஷியரி பியூட்டைல் ஈக்வடோரியலாகவும் மெத்தில் ஆக்சியலாகவும் உள்ள நாற்காலியே நிலையானது. மெத்தில் தொகுதி தனக்கு உகந்த நிலையை இங்கே இழக்கிறது. ட்ரான்ஸ் மாற்றியத்தில் இரு தொகுதிகளும் ஒருசேர ஈக்வடோரியலாக அமைய இயலும் என்பதால், அது சிஸ் மாற்றியத்தைவிட ஏறத்தாழ அதே 7.3 கிலோஜூல்/மோல் அளவுக்கு நிலைப்புத்தன்மை மிக்கது.