முதல் குடம்

பதினோராவது பெயரை நோட்டில் எழுதினாள் சரஸ்வதி. பதினொன்றில் ஒன்பது கீழத்தெரு. எல்லா வீட்டுத் திண்ணையிலும் கீழாநெல்லி அரைத்த அம்மி. இரண்டு பேர் மந்திரித்துக் கயிறும் கட்டியிருந்தார்கள். கட்டட்டும். அவளை உறுத்தியது தெருக்கடைசி வீட்டுச் செல்வி. எட்டாம் மாதம். இந்த நேரத்தில் காமாலை வந்தால் தாய்க்கே ஆபத்து.

கல்யாண விருந்துச் சாப்பாடுதான் காரணம் என்றது ஊர். அந்தப் பந்தியில் மேலத்தெருவும்தானே உட்கார்ந்தது? அங்கே இரண்டே பேர். இருவருமே கீழத்தெருவுக்குத் தறி ஓட்டப் போகிறவர்கள். கீழத்தெருவின் நடுவே ஒரு வீட்டில் ஏழு பேர் இருந்தும் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அந்த வீட்டில் சொந்த போர்வெல்.

மறுநாள் தண்ணீர் விடும் நேரத்துக்குக் குளோரின் பார்க்கும் குப்பியோடு போனாள். டேங்க் அடியில் மருந்து விட்டதும் மஞ்சள். மேலத்தெருவிலும் மஞ்சள். கீழத்தெருக் கடைசிக் குழாயில் எவ்வளவு குலுக்கியும் நிறமே ஏறவில்லை.

"மொதக் குடம் நாத்தம் அடிக்கும் நர்ஸம்மா," என்றாள் குருவம்மா பாட்டி. "அதை மாட்டுத் தொட்டியில ஊத்திருவேன்."

"எத்தனை நாளா பாட்டி?"

"பொங்கல் கழிஞ்சதுல இருந்து."

இது மாசிக் கடைசி. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

சாக்கடையை ஒட்டியே நடந்தாள். சிறு பாலத்தடியில் குழாய் சாக்கடைக்குள் மூழ்கிக் கிடந்தது. ஓரிடத்தில் கறுப்புத் தண்ணீர் ஊற்றுபோலப் பொங்கியது. டேங்க் ஆபரேட்டர் மாரியப்பனைக் கூப்பிட்டாள்.

"ஒடஞ்ச எடத்துல சைக்கிள் டியூப் சுத்தித்தான் வச்சிருக்கேன்," என்றார். "லேசாக் கசியுது. தண்ணி வெளியதானம்மா போகுது, சாக்கடை எப்படி உள்ள வரும்?"

"வால்வை மூடிட்டு வாங்கண்ணே."

முணுமுணுத்துக்கொண்டே போனார். அவர் திரும்பி வருவதற்குள் தண்ணீர் பொங்குவது அடங்கிவிட்டது. தெருக்குழாய்களில் மிச்சத் தண்ணீர் வடிய வடிய, அதே இடத்தில் சிறு சுழி விழுந்தது. மிதந்துவந்த வேப்பிலை ஒன்று சுழன்று அங்கேயே ஒட்டி நின்றது.

மாரியப்பன் வேட்டியை மடித்துக் கட்டியபடி குனிந்து பார்த்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

"எம் பொண்ணு வீடும் இந்த லைன்தான்," என்றார்.

"தெரியும்ணே. நான் செல்வியைப் பார்க்கத்தான் போறேன். புதுக் குழாய் போடுற வரைக்கும் இந்த லைன்ல தண்ணி விடாதீங்க. லாரி கேட்டு பிரசிடென்ட்கிட்ட நான் பேசுறேன். லாரித் தண்ணியையும் கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும்."

நடந்துகொண்டே நோட்டில் தேதி குறித்தாள். ஏற்கெனவே உள்ளே போன தண்ணீருக்கு இன்னும் ஒன்றரை, இரண்டு மாதம் புதுப் பெயர்கள் வந்துகொண்டிருக்கும். குழாயை மாத்தியும் வருதே என்று ஊர் அவளைத்தான் கேட்கும்.

செல்வி வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"கண்ணைக் காட்டும்மா," என்றாள் சரஸ்வதி, அவளை வெயில் பக்கம் திருப்பி.