கோத்தகிரி கிளையின் மருந்தாளுநர்: ஓர் அறிமுகம்

டாக்டர் அறையை விட்டு வெளியே வந்தால் இடது பக்கம் தெரியும் மருந்துக் கவுண்டரில் நிற்பவள் நான். மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டுப் பணம் வாங்குவதுதான் மருந்தாளுநரின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும். நான் அதைவிடச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். சோலூர்மட்டம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது எரிச்சலூட்டும் என்பதும் தெரியும். எதற்காக அந்த நேரம் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் படிப்பு. உதகை ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரியில் 2012-இல் பி.ஃபார்ம். முடித்தேன். 2014-இல் அங்கேயே ஃபார்மசி பிராக்டிஸ் பிரிவில் எம்.ஃபார்ம். ஆய்வுக்கூடத்தை விட மருத்துவமனை வார்டுகளில்தான் அந்தப் படிப்பின் பெரும்பகுதி நடந்தது. நோயாளியின் கேஸ் ஷீட்டை எடுத்து, எந்த மருந்து எதோடு மோதும், சிறுநீரகம் பழுதானவருக்கு எந்த அளவைக் குறைக்க வேண்டும் என்று பார்க்கப் பழக்கினார்கள். பிறகு கோவையில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்துவிட்டு 2018-இல் இந்தக் கிளைக்கு வந்தேன். தமிழ்நாடு ஃபார்மசி கவுன்சிலில் பதிவு பெற்றிருக்கிறேன். என் பெயரும் பதிவு எண்ணும் உள்ள சான்றிதழ் கவுண்டருக்குப் பின்னால் சட்டமிட்டு மாட்டியிருக்கிறது. யாரும் படித்துப் பார்க்கலாம். எந்த மருந்துக் கடைக்குப் போனாலும் அப்படி ஒரு சான்றிதழைத் தேடிப் பாருங்கள். 1948-ஆம் ஆண்டின் ஃபார்மசி சட்டப்படி, மருந்துச் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் உரிமை பதிவு பெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே உண்டு. நான் விடுப்பில் போனால் பதிவு பெற்ற இன்னொருவர் கவுண்டரில் இருப்பார். அவரும் இல்லாவிட்டால் கவுண்டர் மூடியிருக்கும்.

வீட்டில் பேசுவது படுகு மொழி. கட்டபெட்டுப் பக்கம் ஒரு ஹட்டியில் பிறந்தவள். தமிழில் தடையில்லாமல் பேசுவேன். கூடலூரில் இருந்து வருபவர்களுடன் மலையாளத்தில் சமாளிப்பேன். கன்னடம் புரியும், பேச்சுதான் கொஞ்சம் தடுமாறும்.

இனி, கவுண்டரில் நான் கேட்கும் கேள்விகள். மருந்தைக் கையில் கொடுத்த பிறகு, "இதை எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள் அம்மா, எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்பேன். இது பரீட்சை இல்லை. நான் சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று என்னையே சோதித்துக்கொள்ளும் வழி. "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டி விடுவார்கள். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான், "மூன்று வேளையா, இரண்டு வேளையா?" என்ற சந்தேகம் வெளியே வரும். படிக்கத் தெரியாதவர்களுக்கு அட்டையின் மேல் சூரியனும் நிலாவும் வரைந்து தருகிறேன். என் ஓவியத் திறமையைப் பற்றிப் பேத்தியோடு வந்த ஒரு பாட்டி சொன்ன கருத்தை இங்கே எழுத முடியாது. ஆனால் மாத்திரையை அவர் நேரம் தவறாமல் போடுகிறார்.

தேயிலை மலையில் வேலை பார்ப்பதால் நான் ஓயாமல் பேசும் விஷயம் ஒன்று உண்டு: டீ. இரத்தச் சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை வாங்கும் தோட்டப் பெண்கள் பலர் அதைக் காலை டீயோடு விழுங்குவார்கள். டீயில் இருக்கும் டானின் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும்; உடலில் சேர வேண்டியதில் பெரும்பங்கு வெளியே போய்விடும். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்று வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எதோடு சாப்பிடுகிறீர்கள்?" என்பதுதான். டீக்கும் இரும்பு மாத்திரைக்கும் நடுவே குறைந்தது ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் இன்னும் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அதைச் சொல்லாததால் மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. தைராய்டு மாத்திரைக்கும் இதே கதைதான். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து டீ குடிக்கலாம். தைராய்டும் இரும்பும் சேர்ந்தே எழுதப்பட்டிருந்தால் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். குளிர்காலக் காலை ஆறு மணிக்கு ஒருவரின் டீயைத் தள்ளிப்போடச் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை என்பது எனக்கும் தெரியும்.

குழந்தைகளுக்கான பாராசிட்டமால் வாங்கும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும். சொட்டு மருந்தில் ஒரு மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும். வழக்கமான சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி., அதாவது ஒரு மி.லி.க்கு 25 மி.கி. மட்டுமே. பெட்டியில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். சிரப் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். அதனால் பாட்டிலோடு வரும் அளவுக் குழலில் கோடு போட்டுத் தருவேன். வீட்டு ஸ்பூன் வேண்டாம். குழந்தையின் எடையையும் கேட்பேன். தெரியாவிட்டால் பக்கத்து அறையிலேயே எடைமேடை இருக்கிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இருமல் சிரப் கேட்டால் கொடுக்க மாட்டேன், டாக்டரிடம் அழைத்துப் போவேன்.

இன்ஹேலர் வாங்குபவர்கள் என் முன்னால் ஒரு முறை இழுத்துக் காட்ட வேண்டும். குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாக இழுத்து, பத்து வரை எண்ணும் அளவுக்கு அடக்கி வைக்க வேண்டும். ஸ்டீராய்டு உள்ள இன்ஹேலர் என்றால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் பூஞ்சை வரும்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. இந்த மலையில் அடிக்கடி நான் பார்க்கும் சிக்கல், ஒரே மருந்து இரண்டு பெயர்களில் ஒரு வீட்டுக்குள் இருப்பது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் மாத்திரை கொடுக்கிறார்கள், நல்ல திட்டம். அதோடு கோவையில் பார்த்த டாக்டர் எழுதிய சீட்டும் இருக்கும். ஒன்றின் அட்டையில் அம்லோடிபின் என்று மருந்தின் பெயர், இன்னொன்றில் கம்பெனி வைத்த பெயர். இரண்டையும் போட்டுவிட்டு, கால் வீக்கம், தலைசுற்றல் என்று வருவார்கள். அதனால்தான் புதிதாக வருபவர்களிடம் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறேன். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையும் அந்தப் பையில் வர வேண்டும். கொழுந்து பறித்துத் தோளும் இடுப்பும் வலிக்கும்போது டைக்ளோஃபெனாக் போடுவது இங்கே சர்வசாதாரணம். பிரஷர் மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவர் அதைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகலாம்.

இன்சுலினைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஒரு மி.லி.க்கு 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது. அதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும், சர்க்கரை அபாயகரமாக இறங்கும். எனவே இன்சுலினையும் சிரிஞ்சையும் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகே பில் போடுவேன். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையும் அப்படித்தான். மூட்டு வாதத்துக்கு அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மருந்து. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதைக் கவரின் மேல் பெரிய எழுத்தில் எழுதி, துணைக்கு வந்தவரிடமும் ஒரு முறை சொல்வேன். இந்த வகை மருந்துகளுக்கு எங்களிடம் மஞ்சள் தட்டு தனியாக இருக்கிறது. அதிலிருந்து எடுப்பதை இன்னொருவரும் சரிபார்க்காமல் வெளியே கொடுப்பதில்லை.

சீட்டில் எழுத்து புரியாவிட்டாலோ, அளவு பொருந்தாவிட்டாலோ ஊகித்துக் கொடுக்க மாட்டேன், டாக்டருக்குப் போன் செய்வேன். டாக்டர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொண்டாலும் போன் செய்வேன். ஆன்டிபயாடிக்கை "இரண்டு நாளைக்கு மட்டும்" சீட்டில்லாமல் கேட்பவர்களிடம் மறுத்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது. எச்1 அட்டவணையில் உள்ள மருந்துகளை, அதாவது சில வீரியமான ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், தூக்க மாத்திரைகள் போன்றவற்றைக் கொடுக்கும்போது எழுதிய டாக்டர், வாங்குபவர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் உங்கள் பெயர் கேட்கிறேன், வம்புக்காக இல்லை.

இந்த மலைக்கென்றே இரண்டு பழக்கங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று, மழைக்கு முன்னேற்பாடு. வடகிழக்குப் பருவமழை பிடித்தால் மேட்டுப்பாளையம் சாலையில் எப்போது மண் சரியும் என்று சொல்ல முடியாது. 2009 நவம்பர் மண்சரிவை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சர்க்கரை, பிரஷர், வலிப்பு, இதய நோய்க்குத் தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. அக்டோபர் தொடங்கும் முன்பே அழைத்து, இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். இன்னொன்று, குளிர். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி வரை இருக்க வேண்டும். "இங்கே ஊரே ஃபிரிட்ஜ்தானே" என்று ஜன்னல் ஓரத்தில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். உறைபனி இரவில் அது உறைந்துபோனால், உருகிய பிறகும் பயன்படாது, தூக்கி எறிய வேண்டியதுதான். ஃபிரிட்ஜிலும் உறைபெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மின்சாரம் போகும் நாட்களில் கிளையின் ஃபிரிட்ஜ் பேட்டரியில் ஓடும். வெப்பநிலையைக் காலையும் மாலையும் நானே குறித்து வைக்கிறேன்.

மருந்து சாப்பிட்டுத் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். பிறகு அட்டையோடு என்னிடம் வாருங்கள். தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அதைத் தெரிவிக்கும் படிவத்தை நான் நிரப்பி அனுப்புவேன். நீங்களே தெரிவிக்க விரும்பினால் கட்டணமில்லா எண் 1800-180-3024.

கவுண்டர் திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் இரவு 8 வரை திறந்திருக்கும். மருந்து பற்றித் தனியாகப் பேச விரும்புபவர்கள் பிற்பகல் 3 முதல் 4 மணிக்குள் வரலாம். கவுண்டருக்குப் பின்னால் உள்ள சிறிய அறையில் உட்கார்ந்து பேசலாம், கட்டணம் இல்லை. வரும்போது பழைய சீட்டுகள், மாத்திரைப் பை, கடைசி இரத்தப் பரிசோதனை அறிக்கை மூன்றும் கையில் இருக்கட்டும். கர்ப்பமாக இருந்தாலோ, தாய்ப்பால் கொடுத்தாலோ, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாது என்றாலோ நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.