கல்வி உதவித்தொகை வேண்டி ஒரு கடிதம்

பாம்பன், சின்னப்பாலம்
16.06.2025

தேர்வுக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நான் மு. காளீஸ்வரி. இந்த ஆண்டு இளநிலைத் தாவரவியல் முடித்திருக்கிறேன். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்தில் முதுநிலை கடல் உயிரியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழை இணைத்திருக்கிறேன்.

வீட்டு நிலையை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். அம்மாவின் விரல்களிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வற்றும் நாட்களில், கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு பாறைகளுக்கு நடுவில் முங்குவார். நாளுக்கு ஐந்நூறு ரூபாய் கிடைத்தால் நல்ல நாள். முப்பது வருஷமாகப் பாறையிலும் உப்புத் தண்ணீரிலும் தேய்ந்ததில் அவர் விரல்களில் ரேகை இல்லை. ரேஷன் கடை இயந்திரத்தில் கட்டை விரலை வைப்பார், துடைத்துவிட்டு மறுபடி வைப்பார், அடுத்த விரலை வைப்பார். பின்னால் வரிசை முணுமுணுக்கும். அப்புறம் அரிசி, சீனி வாங்கும் வேலை என் கட்டை விரலுக்கு வந்தது. நான் வெளியூர் போனால் என்ன செய்வது என்று வீட்டில் ஒரு பேச்சே நடந்தது. கருவிழி பார்க்கும் இயந்திரம் வந்ததால் பிழைத்தோம்.

அப்பா விசைப்படகில் கூலிக்குப் போனவர். முதுகு விட்டுப்போன பிறகு கரையில் உட்கார்ந்து வலை செப்பனிடுகிறார். அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்று அவர் இடத்தில் படகுக்குப் போனான். "எனக்குப் படிப்பு ஏறல, பாஸானதே பெருசு" என்று சொல்லிச் சிரிப்பான், நானும் நம்பினேன். போன மாதம் இந்த விண்ணப்பத்துக்காகத் தகரப் பெட்டியைக் கிளறியபோது அவன் மதிப்பெண் பட்டியல் கிடைத்தது. 500க்கு 438. பத்தில் நான் வாங்கியதைவிட 17 கூடுதல். அவனிடம் இன்னும் இதைப் பற்றிக் கேட்கவில்லை. தடைக்காலம் முடிந்து நேற்றுதான் கடலுக்குப் போயிருக்கிறான்.

கல்லூரி ராமநாதபுரத்தில். நான் சேர்ந்த வருஷம், 2022 டிசம்பரில், பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில், என் கடைசிப் பருவத்தில். ஆக, பட்டம் முழுக்கப் பேருந்துதான். அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்தது, அது பேருந்துக்கும் புத்தகத்துக்கும் ஓடியது. இளநிலை முடிந்ததோடு அதுவும் நின்றுவிட்டது. முதல் பருவத்தில் வேதியியலில் ஓர் அரியர் வைத்தேன், அடுத்த தேர்வில் எழுதித் தேறினேன். பாடமெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது ஒரு காரணம், ஆனால் அதை மட்டும் சொன்னால் உண்மை ஆகாது. அந்தப் பருவத்தில் நான் சரியாகப் படிக்கவும் இல்லை.

இரண்டாம் ஆண்டில் ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டுகளில் அகர் ஊற்றச் சொன்னார்கள். பாக்டீரியா வளர்க்கும் கூழ் அது. எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று பேராசிரியர் சொல்லி, படத்தையும் காட்டினார். ஜெலிடியெல்லா அசெரோசா என்று போட்டிருந்தது. எனக்கு அது மரிக்கொழுந்துப் பாசி. எங்கள் முற்றத்தில் காய்கிறது, யாபாரி மண்ணுக்கென்று எடை கழித்து வாங்கிப் போகிறார். தட்டில் ஊற்றிய கூழ் ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது, "கிலோ என்ன விலைக்கு விக்கிறாக?" என்றுதான் கேட்டார். பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது.

பாசியைக் கட்டையோடு பிடுங்கக் கூடாது, நுனியைக் கிள்ளினால் மறுபடி வரும் என்பது அம்மா தலைமுறையின் கணக்கு. அவசரத்தில் பிடுங்குபவர்களும் உண்டு. மூன்றாம் ஆண்டு செயல்திட்டமாக இதையே எடுத்தேன். அடிக்கு அடி சட்டம் வைத்துப் பத்து இடங்களைக் குறித்து, ஐந்தில் கிள்ளினோம், ஐந்தில் பிடுங்கினோம். தண்ணீருக்குள் இடம் பார்த்துக் கொடுத்தது அம்மா. அறுபது நாள் கழித்துப் போனால் நான் கட்டிய அடையாளக் கயிறுகளில் ஆறை அலை கொண்டுபோயிருந்தது. பிளாஸ்டிக் கயிறு போதும் என்று நினைத்தது என் தப்பு. மிஞ்சிய நான்கில், கிள்ளிய இரண்டிலும் பாசி தழைத்திருந்தது. பிடுங்கிய இரண்டில் பாறை வெறுமையாக இருந்தது. நான்கு இடத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று துறைத்தலைவர் சொன்னார். சரியான பேச்சு. அதனால்தான் மேலே படிக்க வேண்டும் என்கிறேன்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாயின. அனுமதியில்லாமல் தீவுகளில் கால் வைக்கக் கூடாது. பவளத்தைக் காக்க அது தேவைதான், ஆனால் பாசியெடுக்கும் பெண்களுக்கு இடம் சுருங்கியது. மாற்றாக வந்தது தெப்பத்தில் கட்டி வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசி. நாற்பத்தைந்து நாளில் அறுவடை, சில வருஷம் எங்கள் ஊரிலும் நன்றாக ஓடியது, அப்புறம் விளைச்சல் படுத்துவிட்டது. அது வெளிநாட்டு இனம். குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின் மேல் பரவியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் கடலின் சொந்தப் பாசியான மரிக்கொழுந்தை அப்படி வளர்க்க முடிந்தால் நல்லது. சிக்கல் என்னவென்றால், அது மெதுவாக வளரும். எந்த வெயிலில், எவ்வளவு ஆழத்தில், கயிற்றிலா கல்லிலா என்று பொறுமையாகப் பார்க்க வேண்டிய வேலை அது. இரண்டாம் ஆண்டு ஆய்வை இதில், பாம்பன் கடலிலேயே செய்ய விரும்புகிறேன். படித்து முடித்ததும் ஊரில் ஒரு சிறு நாற்றங்கால், பாசியெடுக்கும் பெண்களே நடத்துவதாக, இருக்க வேண்டும். முதல் வருஷமே லாபம் வரும் என்று சொல்ல மாட்டேன்.

பணக் கணக்கு இது. சேர்க்கைக் கட்டணத்துக்கு அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் கட்டிவிட்டோம். விடுதி, சாப்பாடு, கைச்செலவு எல்லாம் சேர்த்து மாதம் 5,000 ரூபாய் ஆகும் என்று போட்டிருக்கிறேன். வீட்டிலிருந்து 1,500 வரும், தடைக்கால இரண்டு மாதம் அதுவும் வராது. மீதி 3,500 ரூபாயை இரண்டு ஆண்டுகளுக்கும், களஆய்வுக்கு ஒருமுறை 12,000 ரூபாயும் கேட்கிறேன். முழுத் தொகை முடியாது என்றால் விடுதிச் செலவை முதலில் பாருங்கள். களஆய்வுக்குப் படகு எங்கள் தெருவிலேயே கிடைக்கும், இந்த முறை நைலான் கயிறும் அண்ணனிடம் கேட்டுக்கொள்வேன்.

நேர்காணலுக்கு எந்த நாள் கூப்பிட்டாலும் வருகிறேன். பெற்றோரில் ஒருவர் கூட வர வேண்டும் என்று விதிமுறையில் இருக்கிறது. வரும் 25ஆம் தேதி அமாவாசை. அதை ஒட்டிய நாட்கள் என்றால் அம்மா கடலில் இருப்பார், அப்பா வருவார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. காளீஸ்வரி

இணைப்பு: மதிப்பெண் பட்டியல்கள், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், சேர்க்கைக் கடிதம், செயல்திட்ட அறிக்கை.