உடைந்த ஊசிப் பதிவேட்டை மாற்றியதும், அதற்குப் பின் என்னை லைன் மாற்றியதும்: தையல் பிரிவு உற்பத்தி மேலாளர் மீது முறையீடு

திருப்பூர்
26.11.2025

பெறுநர்: மனிதவளத் துறைத் தலைவர் (நேரில் மட்டும் பிரிக்க)
அனுப்புநர்: லைன் 4 மேற்பார்வையாளர், பணியாளர் எண் 2147

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் நேரில் பார்த்ததையும், பிறர் சொல்லிக் கேட்டதையும் இக்கடிதத்தில் தனித்தனியாகவே எழுதியிருக்கிறேன்.

12.11.2025 புதன்கிழமை மாலை 3.40க்கு லைன் 4-இல் 17ஆம் எண் ஓவர்லாக் இயந்திரத்தில் ஊசி உடைந்தது. ஓடிக்கொண்டிருந்தது குழந்தைகள் ரோம்பர் ஆர்டர். ஆபரேட்டர் உடனே இயந்திரத்தை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். ஊசியின் மேல்பாதி கிடைத்தது, முனை கிடைக்கவில்லை. மேசை, தரை, எண்ணெய்த் தட்டு எல்லாவற்றிலும் காந்தம் வைத்துத் தேடினோம். பிறகு நம் நடைமுறைப்படி அந்தப் பண்டிலின் 38 பீஸ்களையும் சிவப்புப் பெட்டியில் போட்டு நிறுத்திவைத்தேன். கிடைத்த பாதியைப் பதிவேட்டின் 63ஆம் பக்கத்தில் ஒட்டி, "முனை கிடைக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். 4.02க்கு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து லைன் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இப்படிப் போடுவது எங்கள் வழக்கம்.

4.15 வாக்கில் உற்பத்தி மேலாளர் வந்தார். மறுநாள் காலை கன்டெய்னர் ஏற்ற வேண்டியிருந்தது. "இதுக்கெல்லாம் கன்டெய்னர் நிக்காதும்மா. ஏதாச்சும் ஒரு முனையை ஒட்டி முடி" என்றார். முடியாது சார் என்றேன். 4.31க்குக் குழுவில் அவர் இட்ட செய்தி: "லைன் 4 ஹோல்ட் பண்டில் பேக்கிங்குக்கு அனுப்பவும். ரிஜிஸ்டர் நான் பார்த்துக்கிறேன்." சிவப்புப் பெட்டியை ஹெல்பர் எடுத்துப் போனதை நான் பார்த்தேன்.

மறுநாள் காலை 63ஆம் பக்கத்தில் நான் எழுதிய வரி வெள்ளை மையால் அழிக்கப்பட்டு, ஒரு முனை ஒட்டப்பட்டு, "முழு ஊசியும் கிடைத்தது" என்று இருந்தது. யார் ஒட்டியது என்பதை நான் பார்க்கவில்லை. ஆனால் ஒட்டியிருப்பது ஓவர்லாக் ஊசியின் முனை அல்ல. மேல்பாதியோடு சேர்த்து அளந்தால் அந்த இயந்திரத்துக்குப் போடும் முழு ஊசியைவிட நீளமாக வருகிறது. சிங்கிள் நீடில் இயந்திரத்து ஊசி போலத் தெரிகிறது. எந்த மெக்கானிக்கும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். முனையை ஊசிப் பெட்டியிலிருந்து மேலாளரே எடுத்ததாக ஒருவர் என்னிடம் சொன்னார். அது அவர் சொன்னது மட்டுமே. அவர் சம்மதித்தால் உங்களிடம் நேரில் பேசச் சொல்கிறேன்.

அந்த 38 பீஸ்கள் பேக்கிங்கில் ஊசி கண்டறியும் இயந்திரத்தின் வழியாகத்தான் போயினவா என்பது அன்றைய இயந்திரப் பதிவைப் பார்த்தால் தெரியும். கைக்குழந்தைக்குப் போடும் துணி என்பதால் எனக்கு முதல் கவலை இதுதான். மற்றதெல்லாம் பிறகு.

17.11.2025 காலைக் கூட்டத்தில் லைன் முழுவதும் நிற்கும்போது மேலாளர் என்னைப் பார்த்து, "லைன் பார்க்கத் தெரியலைன்னா வீட்டுல போய் சமையல் பாரு" என்றார். அடுத்த நாள் என்னைப் பிசிர் வெட்டும் பகுதிக்கு மாற்றினார். வாய்மொழி உத்தரவுதான், கடிதம் இல்லை. 20.11.2025 அன்று ஆலை மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இன்றுவரை பதில் வரவில்லை.

இதற்கு முன் இந்த மேலாளர் மீது நான் முறையிட்டதில்லை. ஷிப்மென்ட் நெருக்கடியும் எனக்குப் புதிதல்ல. இரவு இரண்டு மணிவரை அவரோடு நின்று ஆர்டர் முடித்திருக்கிறேன். அவரிடமும் விளக்கம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

பதிவேட்டை இன்றே உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி கவுன்டருக்கு மேலுள்ள கேமராப் பதிவு 30 நாளில் தானாக அழிந்துவிடும் என்று பாதுகாப்புப் பிரிவில் சொல்கிறார்கள், ஆகவே 12.12.2025க்குள் நவம்பர் 12, 13 ஆகிய இரு நாள் பதிவுகளையும் எடுத்துவைக்க வேண்டும். பண்டில் சீட்டை வைத்து அட்டைப்பெட்டி எண்களைக் கண்டுபிடிக்கலாம். சரக்கு இறங்குமுன் வாங்குபவரிடம் நாமே சொல்லிவிடுவது நல்லது. விசாரணையைத் தையல் பிரிவுக்கு வெளியே உள்ளவர் நடத்த வேண்டும். என்னை மாற்றியதற்கான காரணத்தை எழுத்தில் தாருங்கள்; காரணம் இல்லையென்றால் லைன் 4-க்கே திருப்பி அனுப்புங்கள்.

17ஆம் இயந்திர ஆபரேட்டர் ஒடிசாவிலிருந்து வந்து நம் விடுதியில் தங்கியிருக்கும் பெண். ஊசி உடைந்தது தன் தப்பு என்று பயந்துபோயிருக்கிறாள். அவளிடம் கேட்கும்போது விடுதி வார்டனும் அவள் மொழி தெரிந்த ஒருவரும் உடனிருக்கட்டும். மேலாளர் உடனிருக்க வேண்டாம்.

எந்த நாள் கூப்பிட்டாலும் ஷிப்ட் முடிந்து 6 மணிக்கு மேல் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
லைன் 4 மேற்பார்வையாளர் (தற்போது பிசிர் வெட்டும் பகுதி)
பணியாளர் எண் 2147

இணைப்பு: 63ஆம் பக்கத்தின் இரண்டு படங்கள் (12.11 மாலை 4.02, 13.11 காலை 8.50), வாட்ஸ்அப் செய்தியின் ஸ்கிரீன்ஷாட், பண்டில் சீட்டு நகல், 20.11 மின்னஞ்சல் நகல். மூலப் படங்கள் என் கைப்பேசியில் அழிக்காமல் இருக்கின்றன.