கிரேடியன்ட், டைவர்ஜென்ஸ், கர்ல்: கணக்குப் போட்டால் போதாது, பொருள் தெரிய வேண்டும்

ஒரு உலோகத் தகட்டில் வெப்பநிலை T = 100 − x² − 2y² என்று வைத்துக்கொள்வோம். T டிகிரி செல்சியஸில், x, y மீட்டரில். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஓர் எண். இது ஸ்கேலார் புலம். இதன் கிரேடியன்ட்:

∇T = (−2x, −4y)

(2, 1) என்ற புள்ளியில் இது (−4, −4). அங்கிருந்து வெப்பநிலை மிக வேகமாக ஏறும் திசை இதுதான். ஏறும் வீதம் √32, அதாவது மீட்டருக்குச் சுமார் 5.66 டிகிரி. அதே புள்ளியில் (1, −1) திசையில் நகர்ந்தால்? டாட் பெருக்கல் −4 + 4 = 0. அந்தக் கணத்தில் வெப்பநிலை மாறாது. சம வெப்பநிலைக் கோட்டுக்குக் கிரேடியன்ட் எப்போதும் செங்குத்து என்பது இதனால்தான். வெப்பம் பாய்வதோ எதிர்த்திசையில்: q = −k∇T. இதில் q வெப்பப் பாய்வு, k தகட்டின் வெப்பக் கடத்துத்திறன்.

இந்த q ஒரு வெக்டர் புலம். இதன் டைவர்ஜென்ஸ்:

∇·q = −k(−2 − 4) = 6k

ஒரு புள்ளியைச் சுற்றிச் சின்னஞ்சிறு பெட்டி வரைந்தால், உள்ளே வருவதைவிட வெளியே போவது எவ்வளவு அதிகம் என்பதை, பெட்டியின் கன அளவால் வகுத்துச் சொல்வதே டைவர்ஜென்ஸ். இங்கே அது நேர்க்குறி. வெப்பநிலை நேரத்தோடு மாறாமல் இருக்கிறது என்றால், தகட்டுக்குள் எங்கும் வெப்பம் உற்பத்தியாகியே ஆக வேண்டும். மின்னோட்டம் பாயும் தகடாக இருக்கலாம். ஒரு வகையீடு இவ்வளவு சொல்லிவிடுகிறது.

கர்லில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 'பாதை வளைந்தால் கர்ல் உண்டு' என்பது தவறு. xy தளத்தில் ஓடும் நீரின் திசைவேகத்தை F என்று எடுத்துக்கொள்வோம். கர்லின் z கூறு ∂Fy/∂x − ∂Fx/∂y. நீரில் ஒரு குட்டித் துடுப்புச் சக்கரத்தை விட்டால், அது தன் அச்சில் சுழலும் கோண வேகத்தைப்போல் இரு மடங்குதான் கர்ல்.

F = (−y, x) என்றால் கர்ல் 1 − (−1) = 2. நீர் முழுதும் ஒரு திடப்பொருள்போல் சுழல்கிறது; சக்கரமும் நொடிக்கு 1 ரேடியன் சுழலும். இது எதிர்பார்த்ததுதான்.

F = (y, 0) என்றால் நீர் நேர்கோட்டில்தான் ஓடுகிறது. ஆனால் கர்ல் −1. மேல்பக்க ஓட்டம் வேகமாக இருப்பதால் சக்கரம் வலஞ்சுழியாகத் திரும்பும்.

F = (−y, x)/(x² + y²) என்றால் நீர் வட்டமடிக்கிறது. போட்டுப் பாருங்கள்: மையம் தவிர எல்லா இடத்திலும் கர்ல் 0! சக்கரம் மையத்தைச் சுற்றி வரும், தன் அச்சில் திரும்பாது. ஆனால் மையத்தைச் சுற்றிய கோட்டுத் தொகையீடு 2π. மையத்தில் புலம் வரையறுக்கப்படாததால், ஸ்டோக்ஸ் தேற்றத்தை அங்கே அப்படியே போட முடியாது. தேர்வில் இதை விரும்பிக் கேட்பார்கள்.

விடையைச் சரிபார்க்க ஒரு வழி: ∇×(∇T) எப்போதும் 0, ∇·(∇×F) எப்போதும் 0. மேலே உள்ள T-க்கு ∂(−4y)/∂x − ∂(−2x)/∂y போட்டால் 0 வருகிறது. வேறு எண் வந்தால் வகையிடுவதில் எங்கோ பிழை.