ஹெட்செட்டும் இரும்புக்கூண்டும்: கால் சென்டரில் வெபர்

எழுதப்பட்ட விதி, படிநிலை, கோப்பு, ஆள் பார்க்காத அணுகுமுறை: ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் விவரித்த அதிகாரத்துவத்தின் இந்தக் கூறுகள் கால் சென்டரில் அப்படியே இருக்கின்றன. கோப்பு திரைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது பேச்சை. இறந்துபோன கணவரின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி ஒரு பெண் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "வருந்துகிறேன்" என்கிறார் ஊழியர். திரையில் அடுத்த வரி அதுதான். அப்புறம், "கணக்கு வைத்திருப்பவரிடமே பேச வேண்டும்" என்கிறார். விதிப்படி சரி, ஆனால் அபத்தம். விதியைத் தாண்டி உதவினால் அழைப்பு நேரம் கூடும், தர மதிப்பெண் குறையும். இலக்கை எட்டும் வழியை மட்டும் கணக்கிடும் இலக்குசார் பகுத்தறிவு, எது சரி என்ற மதிப்பீட்டின்படி நடக்கும் விழுமியம்சார் பகுத்தறிவை விழுங்கும் இடம் இது. அனுதாபமும் இங்கே அளக்கப்படும் ஒரு வேலைப்படிதான்.

இப்படிக் கணக்கும் விதியும் மனிதரை அடைத்துவிடும் நிலையைக் குறிக்கும் 'இரும்புக்கூண்டு', அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸின் 1930 ஆங்கில மொழிபெயர்ப்பால் பரவிய தொடர். வெபரின் ஜெர்மன் தொடரை 'எஃகு போல் இறுகிய ஓடு' என்றும் பெயர்க்கலாம். எனக்கு ஓடுதான் பொருத்தமாகப் படுகிறது. கூண்டுக்குள் இருப்பவருக்குத் தன் குரலாவது மிஞ்சும். ஓடு உடலோடு ஒட்டிவிடும். வீட்டுத் தொலைபேசியிலும் "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டுவிடும் ஊழியரை நினைத்துப் பாருங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் ஒப்பீடு இடறுகிறது. வெபரின் அதிகாரிக்கு நிலையான பதவியும் ஓய்வூதியமும் உண்டு. கால் சென்டர் ஊழியர் பலருக்கு விதிகள் மட்டுமே வந்து சேர்ந்தன.