கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்லயே ஒகேனக்கல்: 4 பேர், ஒரு நாள், 3550 ரூபா

போனது 2025 ஜனவரி, பொங்கலுக்கு முந்தின வாரம், புதன்கிழமை. தேதியை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா கீழ இருக்கிற விலையெல்லாம் அன்னைக்கு எங்க பாக்கெட்டிலிருந்து போன காசு, நீங்க ரெண்டு வருஷம் கழிச்சு படிச்சா மேல கொஞ்சம் போட்டுக்கோங்க. தூரமும் மலைப்பாதையும் அப்படியேதான் இருக்கும்.

கிளம்பறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது பஸ் டைம் இல்ல, தண்ணி. கர்நாடகாவுல கிருஷ்ணராஜ சாகர், கபினி டேம்ல திறந்து விடற தண்ணி பிலிகுண்டுலு வழியாதான் இங்க வருது, அங்கதான் வினாடிக்கு எத்தனை கன அடின்னு அளக்கறாங்க. வரத்து ஏறிட்டா பரிசல், குளியல் ரெண்டுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுடும். ஜூலை, ஆகஸ்ட்ல குடகு, வயநாடு பக்கம் மழை பிச்சுக்கிட்டு பெய்யும்போது இது அடிக்கடி நடக்கும். அதுக்கு முந்தின ஆகஸ்ட்ல நாங்க இதைப் பாக்காம போய், பாலத்துல நின்னு வேடிக்கை பாத்துட்டு மீனை மட்டும் தின்னுட்டு திரும்பினோம். அதனால முந்தின நாள் ராத்திரி செய்தியில ‘ஒகேனக்கல் நீர்வரத்து’ன்னு தேடிப் பாருங்க, தடைன்னு இருந்தா வேற நாள் போங்க.

நாங்க நான், வீட்டுக்காரி, மச்சான், அத்தை. காலைல 6:10க்கு கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட்ல ஏறினோம், தர்மபுரி போய் இறங்கறப்ப 7:20, ஆளுக்கு 40 ரூபா. அங்கயே டிபன் முடிச்சிடுங்க, ஒகேனக்கல்ல காலை டிபன் சுமார்தான்னு என் அபிப்பிராயம் (நாலு பேருக்கு 280 ஆச்சு, அத்தை ரெண்டு காபி குடிச்சாங்க). 8:05க்கு பென்னாகரம் வழி ஒகேனக்கல் பஸ், ஆளுக்கு 35, தர்மபுரியிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் புடிச்சது. பென்னாகரம் தாண்டினா கடைசி பதினஞ்சு பதினாறு கிலோமீட்டர் காடும் கொண்டை ஊசி வளைவும்தான், வாந்தி வர்றவங்க முன்பக்கம் உக்காருங்க, டிபனை கொஞ்சமா சாப்பிடுங்க. பொம்பளைங்களுக்கு இலவசம்னு நம்பி போகாதீங்க, அது சாதாரண டவுன் பஸ்ஸுக்குத்தான், இந்த மாதிரி வெளியூர் பஸ்ல டிக்கெட் எடுக்கணும்.

9:40க்கு இறங்கினதும் நேரா பரிசல் டிக்கெட் கவுண்டர். கூட்டம் சேரறதுக்குள்ள போயிடணும், லீவு நாள்னா இன்னும் சீக்கிரம். நாலு பேருக்கு ஒரு பரிசல் 1500, லைஃப் ஜாக்கெட் கட்டாயம், பக்கிளு எல்லாம் மாட்டியிருக்கான்னு இழுத்துப் பாத்துக்கோங்க. பரிசல்காரரு முக்கால் மணி நேரம் சுத்தினாரு, பாறை ரெண்டு பக்கமும் சுவர் மாதிரி நிக்கும், அந்த இடுக்குல போறப்ப யாரும் பேசல, அத்தை மட்டும் முருகா முருகான்னுட்டே இருந்தாங்க. கரைக்கு வந்ததும் அவரு தனியா 300 கேட்டாரு, பேசி 200 குடுத்தோம். ரசீதுல இருக்கறதுக்கு மேல எவ்வளவு, எந்த வழியா கூட்டிட்டுப் போவீங்கன்னு ஏறறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, நடு ஆத்துல பேரம் பேசறது நல்லா இருக்காது.

அப்புறம் மீன். கடையில வாங்கி பக்கத்துல சமைக்கிற அக்காங்ககிட்ட குடுத்தா வறுத்துத் தருவாங்க. ஒரு கிலோ ரோகு 300, வறுக்க 150, சாப்பாடு நாலு 400. எடை போட்டு வெட்டறப்ப பக்கத்துலயே நில்லுங்க. மீனைக் குடுத்துட்டு குளிக்கப் போனா திரும்பறதுக்குள்ள ரெடி, ஆனா காத்துக்கிட்டு இருந்தா ஒரு மணி நேரம் வீணாப் போகும். எண்ணெய் மசாஜ் மச்சான் மட்டும் பண்ணிக்கிட்டான், 400, அது அவன் சொந்தக் காசு, மேல சொன்ன கணக்குல சேரல. குளிக்க கம்பி கட்டின இடத்தைத் தவிர வேற எங்கயும் இறங்காதீங்க, பாறை வழுக்கும், சுழல் கண்ணுக்குத் தெரியாது.

கணக்கு இதுதான்: பஸ் போக வர 600, பரிசல் 1500, பரிசல்காரருக்கு 200, மீனும் சாப்பாடும் 850, காலை டிபன் 280, டீ தண்ணி பாட்டில் 120. ஆளுக்கு 890க்குள்ள. ரெண்டே பேரா போனா பரிசல் காசுதான் கையைக் கடிக்கும், கவுண்டர்ல நிக்கிற இன்னொரு ஜோடியோட சேர முடியுமான்னு கேட்டுப் பாருங்க.

பைக், கார்ல வர்றவங்க பாலக்கோடு, பாப்பாரப்பட்டி, பென்னாகரம்னு வந்தா தர்மபுரி டவுனுக்குள்ள நுழைய வேண்டாம். ஓசூர் பக்கத்துலருந்து அஞ்செட்டி வழியும் இருக்கு, ஆனா யானை நடமாடற காடு, இருட்டறதுக்குள்ள தாண்டிடற மாதிரி இருந்தா மட்டும் அந்தப் பக்கம்.

திரும்ப 4:40 பஸ் புடிச்சு தர்மபுரி 6:15, வீட்டுக்கு வர எட்டாயிடுச்சு. கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு காலைல இறங்கறப்பவே கண்டக்டர்கிட்ட கேட்டுட்டு, அதுக்கு முந்தின பஸ்ஸை உங்க பஸ்ஸா வச்சுக்கோங்க.